நகை முழுத் தங்கமா, முலாமா: சின்னத் தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்து வீட்டிலேயே பார்ப்பது எப்படி

கவரிங் நகையின் மேலே இருப்பது உண்மையான தங்கம்தான். அளவுதான் மிக மிகக் குறைவு. பெரும்பாலான கவரிங்கில் அந்தப் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கைவிட மெல்லியது. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு விடுவது, வினிகரில் ஊறவைப்பது, பீங்கானில் தேய்ப்பது என்று கேள்விப்படுகிற சோதனைகளில் பலவும் ஏன் ஏமாற்றுகின்றன என்பது அதிலேயே விளங்கிவிடும். அவை எல்லாம் நகையின் மேல்பக்கத்தை மட்டும்தான் தொடுகின்றன. மேல்பக்கம் தங்கம் என்பதால் தங்கம் என்றே பதில் வரும். பீங்கானில் தேய்த்தால் நல்ல நகைக்கும் கீறல் விழும், கவரிங் நகைக்குப் பூச்சும் போகும். அதை யாரும் செய்ய வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று நகையை வெட்டாமல், உரசாமல் பார்க்க வீட்டில் ஒரே வழிதான் உண்டு. எடையையும், அந்த எடை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதையும் ஒப்பிட வேண்டும். தங்கம் செம்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. மேலே எவ்வளவு அழகாக முலாம் பூசினாலும் இந்த வித்தியாசத்தை மறைக்க முடியாது. அதற்குத் தேவையானது ஒரு சின்னத் தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இது தேவைப்படும் நேரங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். போர்வெல் போடவோ பிள்ளையின் படிப்புக்கோ நகைக்கடன் வாங்கப் போகும்போது, அம்மாவோ மாமியாரோ விட்டுப்போன நகையைப் பங்கு பிரிக்கும்போது, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொண்டுவந்து கொடுத்ததை என்னவென்று தெரிந்துகொள்ளும்போது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மதிப்பீட்டாளர் முன்னால் நிற்கும்போது “இது கவரிங் அம்மா” என்று கேட்பதைவிட, முந்தின நாளே வீட்டில் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

முதலில் கண்ணால் பாருங்கள்

தராசை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். இல்லாவிட்டால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பார்க்க வேண்டியது நகையின் முகப்பை அல்ல, தேயும் இடங்களை. சங்கிலியில் ஒரு கண்ணியும் அடுத்த கண்ணியும் உரசும் இடம், எஸ் கொக்கியின் வளைவின் உள்பக்கம், மோதிரத்தில் உள்ளங்கைப் பக்கம், வளையலின் உள்விளிம்பு, கம்மலின் திருகாணி மரை. முலாம் போன இடத்தில் செம்பாக இருந்தால் சிவப்பாகத் தெரியும். வெள்ளியாகவோ நிக்கலாகவோ இருந்தால் வெளுத்துத் தெரியும். பித்தளைதான் சிக்கல். அதுவும் மஞ்சள் என்பதால், கொஞ்சம் மங்கின, பச்சை ஓடிய மஞ்சளைத் தேட வேண்டும்.

முத்திரை இருந்தால் அதையும் படியுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கப்படும் ஹால்மார்க் நகையில் மூன்று அடையாளங்கள் இருக்கும்: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் சின்னம், 22கே916 போன்ற தரக்குறி, அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி. அந்த ஆறு இலக்கத்தை BIS Care செயலியில் Verify HUID என்ற இடத்தில் போட்டால், ஹால்மார்க் போட்ட மையம், தரம் ஆகியவற்றுடன் அது எந்த வகை நகை என்பதும் வரும். இந்தக் கடைசித் தகவலைப் பலர் பார்ப்பதே இல்லை. செயலி மோதிரம் என்று சொல்லி, உங்கள் கையில் இருப்பது சங்கிலி என்றால், அந்தக் குறி வேறு நகையிலிருந்து வந்தது.

வெளிநாட்டு நகை என்றால் தரக்குறிக்குப் பக்கத்தில் வேறு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 18கே என்பதோடு ஜிபி என்ற ஆங்கில எழுத்துகள் ஒட்டியிருந்தால் அது முலாம். எச்ஜிஇ என்றால் கொஞ்சம் கனமான முலாம். ஜிஎஃப் என்றால் தங்கத் தகடு போர்த்தியது. பெரும்பாலும் அதற்கு முன்னால் 1/20 என்று ஒரு பின்னமும் இருக்கும். நகையின் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்குதான் தங்கத் தகடு என்று அந்தப் பின்னம் சொல்கிறது. அந்தத் தகடும் பெரும்பாலும் 14 அல்லது 12 காரட்தான். இந்தத் தகடு போர்த்திய நகைதான் கண்ணை நன்றாக ஏமாற்றும். முலாம்போல மின்சாரத்தில் படிய வைத்தது அல்ல; தகட்டைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பித்தளைமேல் ஒட்டவைத்திருப்பார்கள். பல வருடம் போட்டாலும் சிவப்பு எட்டிப் பார்க்காது.

காந்தமும் வைத்துப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலைதான். நகை ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது. ஒட்டாவிட்டால் அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. செம்பு, பித்தளை, வெள்ளி எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினாலும் எந்த இடம் ஒட்டுகிறது என்று கவனியுங்கள். ஸ்பிரிங் வைத்த கொக்கி மட்டும் ஒட்டினால் அது கொக்கிக்குள் இருக்கும் எஃகுச் சுருள்தான். நல்ல தங்கச் சங்கிலியிலும் அப்படி இருக்கும்.

தண்ணீர்ச் சோதனைக்கு வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு ஒன்று வாங்குங்கள். 200 கிராம் வரை தாங்கும் வகையே போதும். சமையலறைத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும்; இந்த வேலைக்கு உதவாது. பிறகு, லேசான பிளாஸ்டிக் டம்ளர் ஒன்று, மெல்லிய நைலான் நூல், ஒரு அடிக்குச்சி, தராசைவிட உயரமான இரண்டு டப்பாக்கள். பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சும், வேண்டாம். தண்ணீரும் டம்ளரும் சேர்ந்து தராசின் எல்லையைத் தாண்டக் கூடாது. பாதி டம்ளருக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் சரியாக இருக்கும்.

தண்ணீரைப் பற்றி நம் ஊரில் கட்டாயம் கேட்பார்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறதே, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்தான் பிடிக்க வேண்டுமா என்று. தேவையில்லை. ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு கரைந்திருந்தாலும் தண்ணீரின் அடர்த்தி ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறாது. அதைவிடத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றுதான் தொல்லை, நகைமேல் குமிழியாக ஒட்டும். அதனால் எந்தத் தண்ணீரானாலும் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு மெதுவாகக் கலக்குங்கள், நுரை வரக் கூடாது. சோப்பு கலந்தால் தண்ணீர் நகையின் இடுக்குகளில் எளிதாக நுழையும்.

நகையையும் சுத்தம் செய்ய வேண்டும். முக்கியமாகத் தாலிக்கொடி. மஞ்சளும் எண்ணெயும் குங்குமமும் கண்ணிகளுக்குள் இறுகிப்போய் இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, துணியில் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் மிச்சம் இருந்தால் எடையில் தெரியும்.

செய்யும் முறை

மின்விசிறியை நிறுத்துங்கள். இதைச் சொல்வது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 0.01 கிராம் காட்டும் தராசில் விசிறிக்காற்று பட்டால் கடைசி இலக்கம் நிற்கவே நிற்காது. தராசைச் சமமான மேசையிலோ தரையிலோ வையுங்கள்.

காய்ந்த நகையைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இது முதல் எண்.

நகையை எடுத்துவிட்டு, தண்ணீர் டம்ளரைத் தராசில் வையுங்கள். எண்ணைப் பூஜ்யம் ஆக்கும் பொத்தானை அழுத்துங்கள். டம்ளர் மேலே இருக்கும்போதே திரையில் 0.00 வர வேண்டும்.

இரண்டு டப்பாக்களைத் தராசின் இரண்டு பக்கமும், தராசைத் தொடாமல் வைத்து, அவற்றின் குறுக்கே அடிக்குச்சியைப் போடுங்கள். நகையை நூலில் கட்டி, நூலை அடிக்குச்சியில் சுற்றி, நகை தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அது டம்ளரின் அடியையும் தொடக் கூடாது, சுவரையும் தொடக் கூடாது. கையில் பிடித்துத் தொங்கவிட்டாலும் எண் வரும். ஆனால் கை நடுக்கத்தில் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும்.

இப்போது தராசு ஒரு சிறிய எண்ணைக் காட்டும். இது இரண்டாவது எண். நகையின் எடையை நூல் தாங்கிக்கொள்கிறது. நகை எவ்வளவு தண்ணீரை விலக்கியதோ அதன் எடை மட்டும் டம்ளர்மேல் இறங்குகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், இந்த எண்தான் நகையின் கன அளவு.

```
அடர்த்தி = முதல் எண் ÷ இரண்டாவது எண்
```

இரண்டு எண்ணும் ஒரே தராசில் வருவதில் ஒரு நல்ல வசதி உண்டு. தராசு எல்லா எடையையும் நூற்றுக்கு ஒன்று கூட்டிக் காட்டினாலும் இரண்டு எண்ணும் ஒன்றாகக் கூடும், வகுத்தால் விடை மாறாது. அதனால் விலை குறைந்த தராசே போதும். எண் நிலையாக நின்றால் சரி.

நகையில் கைவைப்பதற்கு முன் மஞ்சள் நிற 5 ரூபாய் நாணயத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். அது செம்பும் துத்தநாகமும் கொஞ்சம் நிக்கலும் கலந்த பித்தளை வகை. எட்டரையை ஒட்டி விடை வந்தால் உங்கள் கை பழகிவிட்டது என்று அர்த்தம். கவரிங் நகை வந்தால் திரையில் எப்படி இருக்கும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

விடையை எப்படிப் படிப்பது

22 காரட் என்றால் 17.5 முதல் 17.9 வரை வரும். கலந்திருப்பது செம்பா வெள்ளியா என்பதைப் பொறுத்து அதற்குள் மாறும். 18 காரட் 15க்கும் 16க்கும் நடுவில். 14 காரட் 13 பக்கம். வெள்ளிமேல் முலாம் பூசியிருந்தால் 10.4 பக்கம் நிற்கும். செம்பு 8.9, பித்தளை 8.4 முதல் 8.7. இவ்வளவு தெரிந்தால் போதும்.

நம் பக்கத்துப் பழைய நகைகளில் 16 என்றோ 16.5 என்றோ வந்தால் உடனே பயப்பட வேண்டாம். ஹால்மார்க் இங்கே வந்தது 2000த்தில்தான். அதற்கு முன் பத்தர் வீட்டில் செய்த நகைகளில் தரம் ஆளுக்கு ஆள் மாறும். பற்றவைக்கப் போட்ட பொடியும் அடர்த்தியைக் குறைக்கும். அது குறைந்த மாற்றுத் தங்கம், கவரிங் அல்ல. கவரிங் என்றால் எண் பாதியாகக் குறைந்து எட்டிலும் ஒன்பதிலும் வந்து நிற்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தகடு போர்த்திய நகையிலும் இதே கணக்கு அழகாக வேலை செய்கிறது. அமெரிக்காவில் இருந்து வந்த, 1/20 ஜிஎஃப் என்று முத்திரை உள்ள ஒரு கைச்சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 9.40 கிராம், தண்ணீரில் 1.07. வகுத்தால் 8.79. இருபதில் ஒரு பங்கு 14 காரட் தகடு சேர்ந்தும் பித்தளையின் எண் அசைந்ததே தவிர உயரவில்லை. கண்ணுக்கும் உரைகல்லுக்கும் தங்கமாகத் தெரிகிற நகை தண்ணீரில் பித்தளையாகத் தெரிகிறது.

ஒரு வீட்டில் நடந்தது

காவேரிப்பட்டணம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, அம்மா காலமான பிறகு அவருடைய நகைகளை எடுத்து வைத்திருந்தார். ஒரு சங்கிலி, இரண்டு வளையல், ஒரு ஜோடி ஜிமிக்கி. நிலத்துக்கு மோட்டார் மாற்ற நகைக்கடன் வாங்கலாம் என்ற எண்ணம். “கொக்கியில 916னு போட்டிருக்குது பாரு தம்பி, அது நல்ல நகைதான். வளையல்லதான் முத்திரையே இல்ல, அதைப் பார்த்துக் குடு” என்றார்.

வளையலிலிருந்து தொடங்கினோம். ஒன்றின் எடை 11.86 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டதும் 0.81 காட்டியது. வகுத்தால் 14.64. அக்காவின் முகம் வாடிவிட்டது. ஆனால் வளையலில் கொடி வேலைப்பாடு இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த இடுக்குகளில் வெள்ளி மணிபோல் குமிழிகள் ஒட்டியிருந்தன. குமிழி ஒட்டினால் அதுவும் சேர்ந்து தண்ணீரை விலக்கும், இரண்டாவது எண் கூடும், நல்ல தங்கமும் மட்டமாகத் தெரியும். நூலைப் பிடித்து வளையலைத் தண்ணீருக்குள்ளேயே மேலும் கீழும் அசைத்து, டம்ளர் ஓரத்தில் லேசாகத் தட்டினோம். குமிழிகள் போனதும் எண் 0.68க்கு இறங்கி அங்கேயே நின்றது. 11.86ஐ 0.68ஆல் வகுத்தால் 17.44.

17.5க்குக் கொஞ்சம் கீழே இருக்கிறதே என்று கேட்கலாம். தராசின் கடைசி இலக்கம் ஒன்று மேலோ கீழோ தவறலாம். 0.67 என்றால் 17.70, 0.69 என்றால் 17.19. ஆகவே 22 காரட் அல்லது அதற்கு மிக அருகில் என்றுதான் சொல்ல முடியும். 21 காரட்டா 22 காரட்டா என்று பிரித்துச் சொல்ல வீட்டுத் தராசால் ஆகாது. முலாமா முழுத் தங்கமா என்ற கேள்விக்கு இந்த எண் தாராளமாகப் போதும். இரண்டாவது வளையலும் அதே பக்கம் வந்தது.

அப்புறம் சங்கிலி. எடை 20.34 கிராம். தண்ணீரில் 2.36. விடை 8.62. குமிழி இருக்கிறதா என்று பார்த்தோம், அசைத்தோம், தட்டினோம், எண் 2.35க்கும் 2.36க்கும் நடுவிலேயே நின்றது. அடியைத் தொடுகிறதா என்றும் பார்த்தோம், ஏனென்றால் சங்கிலியின் நுனி அடியில் பட்டால் அதன் எடையும் டம்ளர்மேல் இறங்கி எண் கூடிவிடும். தொடவில்லை. ஒரு சந்தேகம் தீர, கொக்கியை வளையத்திலிருந்து கழற்றிவிட்டுச் சங்கிலியை மட்டும் மறுபடி பார்த்தோம். எட்டரைக்குப் பக்கத்திலேயே வந்தது.

கொக்கி பழைய நல்ல கொக்கி. சங்கிலி கவரிங். எப்போதோ சங்கிலியை விற்க வேண்டி வந்திருக்கலாம். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று அம்மாவே பழைய கொக்கியைக் கவரிங் சங்கிலியில் கோத்துப் போட்டிருக்கலாம் என்று அக்கா சொன்னார். நம் வீடுகளில் அப்படிச் செய்த பெண்கள் நிறையப் பேர். அக்கா வளையல்களை மட்டும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். தெரியாமல் கொண்டுபோனாலும் கவரிங்கை அடகு வைக்க வந்தவர் என்ற பேச்சுக்கு ஆளாக வேண்டியிருந்திருக்கும். அந்தச் சங்கடம் இல்லாமல் போனது.

முத்திரை இருக்கும் இடத்தை மட்டும் நம்பி மற்ற நகையை நம்பக் கூடாது என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டிய நகை வேறு இல்லை. முத்திரையும் கொக்கியும் ஒன்றாகக் கழன்று வரும் என்றால், கொக்கியைக் கழற்றிவிட்டுச் சங்கிலியைத் தனியாகப் பாருங்கள்.

இந்தச் சோதனை எங்கே தவறும்

ஜிமிக்கியை நாங்கள் தண்ணீரில் போடவே இல்லை. அதில் சிவப்புக் கல் பதித்திருந்தது. கல்லின் அடர்த்தி மூன்று நான்குதான். அது சேர்ந்தால் மொத்த எண் இறங்கிவிடும், எவ்வளவு இறங்கும் என்று கணக்கிடவும் முடியாது. அதோடு, பின்பக்கம் மூடி, உள்ளே மினுக்குத் தாள் வைத்துக் கல் பதித்த நகைக்குள் தண்ணீர் போனால் கல் மங்கிவிடும். முத்து, பவழம் வைத்ததும் அப்படியே, தண்ணீருக்கும் சோப்புக்கும் தள்ளி வையுங்கள்.

உள்ளே கூடாக இருக்கும் நகையும் தவறாகக் காட்டும். குண்டுமணி, கூடு வளையல், அரக்கு அடைத்த பழைய காப்பு இவற்றில் உள்ளே காற்றோ அரக்கோ இருக்கிறது. மேலே 22 காரட் தங்கமே இருந்தாலும் எண் பத்துக்குக்கூட இறங்கலாம். அதனால் எண் குறைவதை வைத்து மட்டும் ஒரு நகையைக் கவரிங் என்று தள்ளிவிடக் கூடாது. உள்ளே கூடா, அரக்கா, கல்லா என்று முதலில் கேளுங்கள். எண் 17.5க்கு மேல் நிற்கும் நகையில் இந்தச் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் செம்பையும் பித்தளையையும் வெள்ளியையும் வைத்து அந்த எண்ணை எட்டவே முடியாது. ஈயம்கூட 11.3தான். ஒரே விலக்கு டங்ஸ்டன், அதன் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கத்துக்கு மிக அருகில். ஆனால் அது கண்ணாடிபோல முறியும், வளைத்துக் கண்ணி செய்வது கடினம். சங்கிலியில் அந்தப் பயம் குறைவு. தங்கக் கட்டியோ பெரிய காசோ யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால், தண்ணீர்ச் சோதனையை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

சின்ன நகைக்கும் ஒரு எல்லை உண்டு. 2 கிராம் மோதிரம் தங்கமாக இருந்தால் 0.11 என்றோ 0.12 என்றோ காட்டும். பித்தளையாக இருந்தால் 0.23. காரட் சொல்ல முடியாவிட்டாலும் தங்கமா இல்லையா என்பது தெரியும். அரை கிராமுக்கும் குறைவான மூக்குத்தியில் தங்கத்துக்கு 0.02, பித்தளைக்கு 0.05 என்று வரும். தராசின் தடுமாற்றமே அவ்வளவு இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சந்தேகம் தீராவிட்டால்

திராவகச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். நைட்ரிக் அமிலம் கையில் பட்டால் புண்ணாகும், அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது. அதைப் பத்தரிடம் விட்டுவிடுங்கள். அவர் உரைகல்லில் மேலோட்டமாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தால் போதாது. மறைவான ஒரு இடத்தில் அரத்தால் லேசாகத் தேய்த்து உள்ளே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முலாமுக்கோ தகட்டுக்கோ கீழே செம்போ பித்தளையோ இருந்தால் அரம் பட்ட இடத்தில் திராவகம் பச்சையாகப் பொங்கும்.

பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில் பொதுமக்களும் தங்கள் நகையைக் கொடுத்துச் சோதிக்கலாம். 2022இல் அறிவித்த கட்டணப்படி நான்கு நகைகள் வரை 200 ரூபாய், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் நகை ஒன்றுக்கு 45 ரூபாய், வரி தனி. சேலத்திலும் பெங்களூருவிலும் இத்தகைய மையங்கள் உண்டு. அதைவிடப் பக்கத்தில் எது என்பதை பிஐஎஸ் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

போகும்போது உங்கள் இரண்டு எண்களையும் விடையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மையத்திலும் பெரிய கடைகளிலும் முதலில் எக்ஸ்ரே இயந்திரத்தில்தான் வைப்பார்கள். அது மேல்பக்கத்தில் சில மைக்ரான் ஆழம் வரைதான் படிக்கும். தகடு கனமாகப் போர்த்தியிருந்தால் தகட்டின் காரட்டையே நகையின் காரட்டாகக் காட்டிவிடக்கூடும். இயந்திரம் 14 காரட் என்று சொல்லி, கல்லோ கூடோ இல்லாத அந்த நகை உங்கள் தண்ணீர்க் கணக்கில் 8.79 என்று வந்திருந்தால், தாளைக் காட்டி, ஒரு கண்ணியை வெட்டி உள்பக்கத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.